களத்தில் ஊன்றாத கோல்

குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கண்மாய்க்கு எல்லை குறிக்கும் வேலை. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் நிற்கும் நிறைமட்டம் தொண்ணூற்றொன்பது மீட்டர். அதற்குக் கீழே இருக்கும் வீடுகளை அப்புறப்படுத்துவார்கள். வரைபடம் மறுநாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நான் அளவைக் கருவியில் நிற்பேன். கோல் பிடிப்பவர் கட்டுமாவடிக்காரர், வளைகுடாவில் இதே வேலை பார்த்துத் திரும்பியவர். 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். அவர் கோல் ஊன்றிய இடங்களெல்லாம் கணினியில் புள்ளிகளாகும். புள்ளிகளை அது முக்கோணங்களாகக் கோத்துவிடும். பிறகு எந்த இடத்தில் தொட்டாலும் அங்கே நிலத்தின் உயரம் இவ்வளவு என்று சொல்லும்.

கரையோரம் தனியாக இருந்த ஓர் அம்மாவின் வாசலைத் திரையில் தொட்டேன். 98.60. அப்புறப்படுத்த வேண்டிய வீடு என்று வரைபடத்தில் சிவப்பு அடித்தேன்.

விஷயம் தெரிந்து அந்த அம்மா நேரே வந்துவிட்டார். "எம் வாசல்ல ஒரு நாளும் தண்ணி ஏறுனதில்லீங்க. கரை ஒடஞ்ச வருசங்கூட ஏறல."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று வெயில் வேறு.

பாய் தொண்டையைச் செருமினார். "சார், இவங்க வீடு இருக்குற மேட்டுல நான் கோலே ஊன்றல. களத்துல நெல்லு குவிச்சுக் கெடந்துச்சு. பூட்ஸ் காலோட ஏற மனசு வரல. அடிவாரத்தைச் சுத்தியே வச்சுட்டு வந்துட்டேன்."

வரைபடத்தை மறுபடி பார்த்தேன். முக்கோணம் ஒரு தட்டைப் பரப்பு. அதற்குள் எங்கே கேட்டாலும் மூன்று மூலைகளில் உயர்ந்ததைத் தாண்டி அது சொல்லாது. மூன்று மூலையும் அடிவாரத்தில் என்றால், நடுவில் நிற்கும் மேடு அதற்கு இல்லவே இல்லை. வீட்டையும் களத்தையும் தட்டையாக்கிவிட்டு, நான் அந்த அம்மாவிடம் எகிறிக்கொண்டிருந்தேன்.

அப்போதே போனோம். பாய் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். மேட்டின் விளிம்பு, அடிவாரம், களம், வாசற்படி என்று கோல் ஊன்றினார். விளிம்பையும் அடிவாரத்தையும் முக்கோணங்கள் குறுக்கே தாண்டாதபடி கோடுகளாகக் கொடுத்து மறுபடி கோத்தேன். வாசலைத் தொட்டேன். 99.82.

பாய் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வேலை போகும் என்று தெரிந்தும் சொன்னார். "ரொம்ப நன்றி பாய்" என்றேன்.

"எனக்கெதுக்குங்க சார் நன்றி, சண்டைக்கு வந்தது அவங்கதானே."

உண்மைதான். அந்த அம்மாவிடம் போய், "நான் பேசுனது தப்பும்மா. உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப, மழைக்கு முன்னாடி ஓடு மாத்திரலாங்களா?"

"மாத்துங்கம்மா" என்றேன். அதைச் சொல்லக் கிடைத்ததற்கு அந்த இருவருக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதவில்லை.