வேலையை விட்ட பிறகு எழுதிய தலைவலிக் குறிப்பு

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவதுதான் என் வேலை. விருத்தாசலம் செராமிக் பேட்டைக்குள் ஒரு சின்னக் கம்பெனி. அச்சில் வார்த்து, காயவைத்து, ஒருமுறை சுட்டெடுத்த பொம்மைகள் வெள்ளை வெளேரென்று பலகையில் அடுக்கி என் மேஜைக்கு வரும். புருவம், இமை, கருவிழி, உதடு எல்லாம் என் தூரிகைதான். அதற்கப்புறம் பளபளப்பு தருகிற கிளேஸ் கரைசலில் முக்கி மறுபடியும் சூளைக்குள் வைப்பார்கள். கண்ணை எழுதி முடித்ததும் பொம்மைக்கு ஒரு குணம் வந்துவிடும். சிலது சாதுவாகப் பார்க்கும், சிலது முறைக்கும். அந்த வேலையில் எனக்கு இருந்த பிரியத்தை யாரிடமும் சொன்னதில்லை. சம்பளத்துக்குச் செய்கிற வேலை என்றுதான் வீட்டிலும் நினைத்திருந்தார்கள்.

தலைவலி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அப்போதெல்லாம் மாதத்தில் ஒருமுறையோ இரண்டுமுறையோ வரும். ஒருபக்கப் பொட்டில் நரம்பு துள்ளும், வெளிச்சம் கண்ணைக் குத்தும், வாந்தி எடுத்துத் தூங்கினால் மறுநாள் சரியாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. மெடிக்கலில் தலைவலி என்றால் ஒரு அட்டை மாத்திரை கொடுப்பார்கள். போட்டதும் அரை மணியில் விட்டுவிடும். பொம்மை எழுதுகிறவளுக்குக் கை நடுங்கக்கூடாது, தலை கனக்கக்கூடாது. அதனால் வலி வருவதற்கு முன்பே, வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. கண்ணாடி மாற்றிப் பார்த்தேன். சைனஸ் என்று ஆவி பிடித்தேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன், பிறகு திரும்பவும் வைத்தேன்.

ஒரு சித்திரை மாதப் பகல். சூளை எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே இடதுபக்கம் இடி. போட்ட மாத்திரை கேட்கவில்லை, இன்னொன்று போட்டேன். ஒரு பொம்மையின் இமையை எழுதும்போது தூரிகை வழுக்கிக் கன்னம் முழுக்கக் கறுப்பு இழுத்துவிட்டது. எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் போன் போட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர். பாதி ஷிப்டில் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இந்த அனலுதான் உன்ன கொல்லுது. பெயிண்டு வாசன வேற. போதும், நின்னுடு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஓனரம்மா நல்ல மனுஷி. "அவசரப்படாதம்மா. ஒரு மாசம் வூட்ல இருந்து பாரு. ஒன் சீட்டு இருக்குது" என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். சூளைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. அந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இருந்தால் விட்டுவிடும் என்று நினைத்த வலி விடவில்லை. கூடியது. விடியும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு எழுவேன். கம்பெனியில் இருக்கும்போது மேலதிகமாக மாத்திரை போட்டால் யாராவது பார்த்துக் கேட்பார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை. சமையலறை அலமாரியில் மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அட்டை எப்போதும் இருந்தது. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. கடைசியில் எங்கள் ஊர் டாக்டர் ஒரு சீட்டெழுதிப் புதுச்சேரிக்கு அனுப்பினார், நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி.

அந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. திடீரென்று ஒரு நொடியில் வெடிக்கிற மாதிரி வலி வந்ததுண்டா, கை கால் மரத்ததா, பேச்சு குழறியதா, பார்வை போனதா, காய்ச்சலோடு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நடக்கச் சொன்னார். நான் ஸ்கேன் எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இப்போதைக்கு ஸ்கேன் வேணாம்மா. எனக்கு உங்க தலைவலி ஒரு மாசம் எப்படி வருது போவுதுன்னு தெரியணும். எழுதிக்கிட்டு வாங்க" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தது எழுதிக்கொண்டு வருவதற்கா?

முதல் மாதம் தப்பாக எழுதினேன். படுக்கையில் விழுந்த நாட்களை மட்டும், அதுவும் கதை மாதிரி. மாமியார் வீட்டு விசேஷம், சாப்பிடவில்லை, அழுகை வந்தது என்றெல்லாம். டாக்டரம்மா பொறுமையாகப் படித்தார்.

"மத்த நாள்லாம் தல சுத்தமா இருந்துச்சா?"

"லேசா கனமா இருக்கும் டாக்டர். அது தெனமும் இருக்கறதுதான். அத என்னன்னு எழுதறது?"

"அதத்தாம்மா எழுதணும். மாத்திர போட்டீங்களே, அத ஏன் எழுதல?"

"அது தலைவலி இல்லியே, மருந்துதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். வலி எப்போது ஆரம்பித்தது, எப்போது விட்டது. எந்தப் பக்கம். துடிக்கிறதா, அழுத்துகிறதா. பத்துக்கு எத்தனை. வாந்தி வந்ததா, வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லையா. அன்றைக்கு வேலை செய்ய முடிந்ததா, படுக்க வேண்டியதாயிற்றா. என்ன மாத்திரை, எத்தனை, எப்போது, கேட்டதா. வேறு வலிக்குப் போட்டாலும் எழுத வேண்டும். மாதவிலக்கு நாட்களைச் சுற்றி ஒரு வட்டம். தூக்கம் கெட்டாலோ சாப்பாடு தவறினாலோ ஒரு சொல். வலியே இல்லாத நாளிலும் 'இல்லை' என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டால் வலி இல்லையா, எழுத மறந்தீர்களா என்று தனக்குத் தெரியாது என்றார்.

"காரணத்த நீங்க தேடாதீங்க. நடந்தத மட்டும் எழுதுங்க."

அடுத்த மாதம் அப்படியே எழுதினேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவியதும் உட்கார்ந்து ஒரு வரி. மாத்திரைப் பத்தியை நிரப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் இரண்டு போட்டுவிட்டு ஒன்று என்று எழுதினேன். பிறகு அடித்துத் திருத்தினேன். யாரிடம் மறைக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அந்தத் தாளை டாக்டரம்மா படித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வலி எவ்வளவு என்ற பத்தியை முதலில் பார்க்கவில்லை. எத்தனை நாள் வலி என்று விரலால் எண்ணினார். இரண்டே நாள்தான் 'இல்லை'. அடுத்து எத்தனை நாள் மாத்திரை என்று தனியாக எண்ணினார். இருபதைத் தாண்டியது. பிறகு வட்டம் போட்ட நாட்களைப் பார்த்தார்.

"இங்க பாருங்க. மாதவிலக்குக்கு முந்தின நாள்லேர்ந்து மூணு நாளு. ஒருபக்கம், துடிக்குது, வாந்தி, எட்டு, ஒம்போது. இது உங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து இருக்கற மைக்ரேன். மத்த நாளு பாருங்க. ரெண்டு பக்கமும், அழுத்தம், நாலு, அஞ்சு. பொழுது விடிஞ்சா வருது, மாத்திர போட்டா போவுது, மறுநாள் திரும்ப வருது. இது வேற."

"என்ன டாக்டர் அது?"

"நீங்க போடற மாத்திரைல ரெண்டு மூணு மருந்து கலந்திருக்குது. அந்த மாதிரி மாத்திரைய மாசத்துல பத்து நாளைக்கு மேல, மூணு மாசத்துக்கு மேல போட்டாலே, மைக்ரேன் இருக்கறவங்களுக்கு அதுவே தலைவலிய உண்டாக்கும். வலிக்குதுன்னு மாத்திர, மாத்திரையால வலி."

என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர்தான் கேட்டார். "சூளை அனலால வந்ததுன்னுதாங்க வேலைய வுட்டுட்டா."

"வேலைய வுட்டப்புறம் கொறஞ்சுதா?"

"இல்லீங்க. அதிகமாச்சு."

டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "அனலு, தண்ணி குடிக்காதது, நேரத்துக்குச் சாப்பிடாதது, இதெல்லாம் சில நாள் தூண்டிவிட்டிருக்கலாம். ஆனா அதுதான் காரணம்னா லீவு நாள்ல வந்திருக்கக் கூடாது. அப்ப எழுதி வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப என்னால சொல்ல முடியாதும்மா" என்றார்.

லீவு நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு துவைத்ததும், பொங்கல் லீவு முழுக்கப் படுத்துக்கிடந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எல்லாம் எனக்கு நடந்ததுதான். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நெய்வேலி தாண்டியதும் அவர், "நான்தான் நின்னுடுன்னேன்" என்றார். "நானும்தான நெனச்சேன்" என்றேன்.

டாக்டரம்மா சொன்னபடி அந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினேன். இராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருந்தார். வலி வந்தபின் போடுவதல்ல, வராமலிருக்கத் தினமும் போடுவது. வாய் உலரும், தூக்கம் வரும். முதலில் கூடும், பயப்படாதீங்க என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். கூடியது. ஒரு வாரத்துக்கு மேல் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தாளில் எட்டு, எட்டு, ஒன்பது. என் வீட்டுக்காரர் அலமாரியிலிருந்த அட்டைகளைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். ஒரு காலையில் எழுந்து பல் விளக்கி, டீ போட்டு, டீயைக் குடித்து முடிக்கும்போதுதான் தலை வலிக்கவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு 'இல்லை' என்று எழுதினேன். மாத்திரையை நிறுத்திய மூன்றாம் மாதத் தாளில் பாதிக்குமேல் 'இல்லை'. வட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் வலி மிஞ்சியிருந்தது. அதற்கு வேறு மாத்திரை, வாரத்தில் இரண்டு நாளைத் தாண்டாமல், வலி ஆரம்பித்ததும் உடனே.

தலை தெளிந்ததும் நான் செய்த முதல் காரியம் கம்பெனிக்குப் போனதுதான். ஓனரம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்தார். என் மேஜை இருந்த இடத்தில் அச்சடித்த ஸ்டிக்கர் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கண், புருவம், உதடு எல்லாம் அதிலேயே. தண்ணீரில் ஊறவைத்துப் பொம்மை மேல் ஒட்டிச் சுட்டால் தீர்ந்தது.

"நீ போனதுக்கப்புறம் அந்த மாதிரி எழுத ஆளு கெடைக்கலம்மா. பாத்துப் பாத்து இதுக்கு மாறிட்டோம்" என்றார். "நீ இருந்திருந்தா மாறியிருக்கவே மாட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பாக்கிங்கில் ஆள் வேண்டும், வர்றியா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அன்று போனில் இதைச் சொன்னேன். என் மகள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவாள், நல்ல பிள்ளை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சின்ன வயதில் பாத்திரம் கீழே விழுந்தால்கூட முதலில் என் முகத்தைப் பார்க்கும் பிள்ளை. சத்தம் எனக்கு ஆகாது என்று அதுவாகவே பழகிக்கொண்டது.

"இப்ப வலிக்குதாம்மா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லம்மா. நீ சத்தமாவே பேசு."

"சத்தமாத்தாம்மா பேசறேன்" என்றாள்.

இப்போது வைக்கோலும் பழைய பேப்பரும் வைத்துப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குகிறேன். சூளை பத்தடி தூரத்தில் எரிகிறது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், ஒரு மணிக்குச் சாப்பாடு. எல்லாப் பொம்மைகளும் ஒரே மாதிரி பார்க்கின்றன. ஒவ்வொன்றாகப் பேப்பரைச் சுற்றி முகத்தை மூடி வைக்கிறேன்.