மறுத்தவன் கொண்டுவந்த மன்னிப்புக் கடிதம்

தேனியிலிருந்து ஆண்டிபட்டி போகும் வழியில் இருந்த ஒரு நூற்பாலையில், இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிறகு, தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் பெர்சனல் அலுவலகத்தில் உதவியாளராக நான் சேர்ந்தேன். கம்பத்திலிருந்து தினமும் விடியற்காலை பஸ். "பொம்பளப் பிள்ளைக்கு மில்லுல என்ன வேலை?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் எங்கள் அத்தா, "பேனா பிடிக்கிற வேலைதேன்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

பேனா பிடிக்கிற வேலைதான். ஆனால் அந்தப் பேனாவால் ஒருவனுடைய சோற்றில் மண் விழ வைக்க முடியும் என்பது ஆறு மாதத்துக்குள் எனக்குத் தெரிந்துபோனது. தொழிலாளி ஒருவர் சொன்ன வேலையைச் செய்யவில்லை என்றால் சூப்பர்வைசர் ஒரு தாளில் எழுதி அனுப்புவார். எந்த சூப்பர்வைசர் எழுதினாலும் ஒரே வாக்கியம்தான்: "மேற்படி நபர் நான் சொன்ன வேலையைச் செய்ய மறுத்து எதிர்த்துப் பேசினார்." நான் மெமோ அடிப்பேன். தொழிலாளி இரண்டு நாளில் பதில் கொண்டுவருவார். அதுவும் ஒரே கடிதம்தான்: "நான் செய்தது தவறு. மன்னிக்கவும். இனி இவ்வாறு நடக்காது." மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதை எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பார். அவருடைய கையெழுத்து என் கையெழுத்தைவிட எனக்குப் பழக்கம். மெமோ, மன்னிப்பு, பைல். அதோடு முடிந்தது. எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் மயிலாடும்பாறைக்காரர் ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும். வேலையில் சுத்தம், வாயில் சுத்தம் இல்லை. பஞ்சுப் பொதி பிரிக்கும் பிரிவில் ஒருநாள் ஆள் குறைந்தபோது, சூப்பர்வைசர் அவரை அங்கே போகச் சொன்னார். ஆறு பேருக்கு முன்னால் "போக முடியாது" என்று அவர் சொல்லிவிட்டார். நான் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல."

"அங்கன ஏதாச்சும் ஆபத்தா? தெரியாத வேலையா?"

"இல்ல மேடம். அந்தாளு சொல்லி நான் கேக்கணுமா? அவ்வளவுதேன்."

காரணம் இல்லாத மறுப்பு. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை ஷிப்டில், அதே சூப்பர்வைசரின் தாள் வந்தது. அதே மனிதர், அதே வாக்கியம். ஆளைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டதாகவும் கீழே ஒரு வரி. தாளுக்குப் பின்னாலேயே மேனேஜரும் வந்துவிட்டார்.

"ஏம்மா, பழைய லெட்டர் பைல்ல இருக்குல்ல? ரெண்டாவது தடவ. சார்ஜ் ஷீட் போடு. விசாரணைய வச்சு ஆள அனுப்பிரலாம். மத்தியானத்துக்குள்ள என் டேபிளுக்கு வரணும்."

டைப் அடிக்க உட்கார்ந்தேன். மில்லின் வேலை விதிகளான நிலையாணையில் அந்தக் குற்றத்துக்கு ஒரு வரி உண்டு: சட்டப்படியான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுதல். அந்த வரியை எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். அன்றுவரை என் கண் 'மீறுதல்' என்ற கடைசிச் சொல்லில்தான் நின்றிருக்கிறது. அன்று முன்னால் இருந்த சொற்களைப் பார்த்தேன். என்ன உத்தரவு? சூப்பர்வைசரின் தாளில் அது இல்லவே இல்லை. 'சொன்ன வேலை' என்று மட்டும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மயிலாடும்பாறைக்காரர், கேட்டைப் பார்த்திருந்த என் ஜன்னலில் வந்து நின்றார். கையில் டீக்கடைக் கடிதம், மை காயாமல்.

"வாங்கிக்கிட்டு முத்திரை போட்டுருங்க மேடம். உள்ள விட்டுருவாகல்ல?"

"என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க."

"மெஷின்ல பஞ்சு அடைச்சிருச்சு. ஓடுறப்பவே கதவத் தொறந்து கைய விட்டு எடுக்கச் சொன்னாக. நிப்பாட்டுறேன், உருள சுத்தி ஓயட்டும், எடுக்குறேன்னேன். இப்பவே எடுன்னாக. முடியாதுன்னேன்."

பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் மெஷின் அது. உள்ளே ஊசிப்பல் பதித்த பெரிய உருளை. மோட்டாரை நிறுத்தினாலும் அது உடனே நிற்காது. பல நிமிடம் தானாகச் சுற்றித்தான் ஓயும்.

"அப்புறம் எதுக்கு 'செய்தது தவறு'ன்னு எழுதியிருக்கீங்க?"

"எல்லாரும் அப்படித்தான எழுதுறாக."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல், டீக்கடையில் எழுதிக் கொடுத்தவர் மேல், அதைவிட என் மேல். அந்தக் கடிதத்தில் நான் முத்திரை குத்தினால் விசாரணையில் கேட்க ஒன்றும் இருக்காது. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பழைய எச்சரிக்கை பக்கத்தில் இருக்கிறது. வேலை போய்விடும். இதற்கு முன் நான் வாங்கி அடுக்கிய கடிதங்களில் இதுபோல் எத்தனை இருந்தனவோ, யாருக்குத் தெரியும்.

"இத நான் வாங்கல. இந்தாங்க வெள்ளத்தாள். மன்னிப்பும் வேணாம், நியாயமும் வேணாம். யார் என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க, மெஷின் எப்படி இருந்துச்சு, அத மட்டும் எழுதுங்க. கோவத்துல பேசினதையும் விடக்கூடாது."

கேட் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். கடைசி வரி: "நீ கைய விடு, நான் பார்க்கிறேன் என்று மரியாதை இல்லாமல் சொன்னேன்."

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். கதவைத் திறந்தால் அந்த மெஷின் தானாகவே நின்றுவிட வேண்டும். அதற்கென்று கதவோரத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓடும்போது கதவைத் திறக்கச் சொன்னார்கள் என்றால் இவர் பொய் சொல்கிறாரோ? கார்டிங் பிரிவுக்குப் போய்ப் பார்த்தேன். சுவிட்சை அமுக்கி, எங்கள் மில் நூலாலேயே நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். முடிச்சின் மேல் பஞ்சுத்தூசி படிந்து கறுத்துப் போயிருந்தது, அவ்வளவு பழைய கட்டு. பக்கத்து மெஷின்களிலும் அதே கட்டு. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நான் எத்தனை தடவை அந்த வழியாக நடந்திருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

அடுத்த மெஷின்காரரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "நிப்பாட்டிட்டு எடுக்குறேன்னுதேன் சொன்னான். வாயும் பேசுனான், இல்லங்கல" என்றார். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

சூப்பர்வைசரிடம் போனேன். நல்ல மனிதர்தான், உற்பத்தி குறைந்தால் முதலில் திட்டு வாங்குபவர்.

"என்ன வார்த்தையில சொன்னீங்க சார்?"

"ஏம்மா, நானும் பத்து வருசமா ஓடுறப்பவே எடுத்தவன்தேன். அவனுக்கு மட்டும் என்ன?"

"இருக்கட்டும். சொன்ன வார்த்தை வேணும்."

"அத எழுதணுமா?"

"அததேன் எழுதணும்."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார்: "மெஷினை நிறுத்தாமல் கையை விட்டு எடு என்று சொன்னேன்." எழுதிய பிறகு அதை ஒருமுறை படித்துப் பார்த்தார். பேச்சில் சாதாரணமாக இருந்தது தாளில் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மூன்று தாளையும், சுவிட்ச் கட்டியிருந்ததையும் என் கருத்தையும் எழுதிய நாலாவது தாளையும் மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"சார்ஜ் ஷீட் எங்க?"

"போடல சார்."

"நான் சொன்னேன்ல? அப்ப நீயும் மறுக்குறியா? உனக்கும் ஒன்னு அடிக்கச் சொல்லவா?"

அது நியாயமான கேள்வி என்பதுதான் சங்கடம். ஒரு காகிதத்தை அடிப்பதால் என் விரல் போகப்போவதில்லை. கையை விட மறுத்தவருக்கு இருந்த உரிமை எனக்கு இல்லை. பிடிக்காத உத்தரவு வேறு, ஆபத்தான உத்தரவு வேறு. பிடிக்காததற்கு நான் காரணம் சொல்லலாம், எழுதி வைக்கலாம். முரண்டு பிடிக்க முடியாது.

"எழுத்துல உத்தரவு குடுத்தீங்கன்னா இப்பவே அடிச்சுத் தர்றேன் சார். எனக்கு இதுல ஒப்புதல் இல்லங்கறதையும் காரணத்தையும் நாலாவது தாள்ல எழுதியிருக்கேன். ரெண்டும் பைல்ல ஒன்னா இருக்கட்டும்."

அவர் என்னை முறைத்தார். பிறகு தாள்களை எடுத்தார். சூப்பர்வைசரின் வரியில் வெகுநேரம் நின்றார். "சுவிட்ச கட்டியிருக்கானுகளா?" என்று மெதுவாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மெஷின் பக்கத்தில் குனிந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார். மெஷின் பழுது பார்க்கும் பிட்டரைக் கூப்பிட்டார். எல்லா மெஷினையும் நிறுத்தி, சுவிட்சுகளைக் கட்டிய நூலையெல்லாம் அறுக்கச் சொன்னார்.

"அறுத்தா மெஷின் அடிக்கடி நிக்கும் சார்" என்றார் பிட்டர்.

"நிக்கட்டும்."

மயிலாடும்பாறைக்காரர் அன்று பிற்பகலே உள்ளே வந்தார். வெளியே நின்ற நேரமும் வேலை நேரமாகப் பதிவானது. மரியாதையில்லாமல் பேசியதற்கு மேனேஜர் வாயால் கண்டித்தார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேலை போகவில்லை. கையும் போகவில்லை. எனக்கு அன்று கம்பம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுவாரம் புதுத் தாள் ஒன்று தயார் செய்தேன். கொடுத்த உத்தரவு என்ன, சொன்ன சொற்களிலேயே. மறுத்தவர் சொன்ன காரணம் என்ன, அவர் சொற்களிலேயே. அந்த நேரத்தில் இடமும் மெஷினும் எப்படி இருந்தன. வேறு வேலை செய்யத் தயார் என்று சொன்னாரா. யார் பார்த்தது. "மறுத்தார், எதிர்த்துப் பேசினார்" என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர்கள் முணுமுணுத்தார்கள். "இந்தப் பிள்ள பரீட்ச வைக்குது" என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். நூல் நூற்கும் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண் நேராக என் மேசைக்கு வந்தார். அதுவரை அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

"மேடம், என் மெஷின்ல பெல்ட்டுக்கு மூடி கழண்டு கிடக்கு. மாட்டுற வரைக்கும் பக்கத்துல போகமாட்டேன்னு சொல்லிட்டேன். வேற மெஷின் குடுத்தா பாக்குறேன்னும் சொன்னேன். எழுதிக்கங்க."

மறுத்தவரே வந்து, மறுத்ததை எழுதச் சொன்னது அந்த மில்லில் அதுதான் முதல் தடவை. நான் தாளை எடுப்பதற்குள் அவருடைய சூப்பர்வைசரும் வாசலுக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நெசந்தேன் மேடம், மூடி இல்ல" என்றார். "நான் பாத்தேன்னு எம்பேரையும் போட்டுக்கங்க."

இருவருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டேன்.