தொண்ணூறு நாள் தவணை

பினாங்கில் ஒரு மசாலா மொத்த வியாபாரியிடம் நான் கணக்கராக இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஜார்ஜ் டவுன் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். சரக்கு வாங்கி முப்பது நாளில் பணம் தருவார்கள்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் விற்பனையாளர் முதலாளியின் அறைக்குப் புயல்போல் வந்தார். எல்லாருக்கும் தொண்ணூறு நாள் தவணை கொடுத்தால் மாத விற்பனை ஒரு லட்சம் வெள்ளியிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரமாக ஏறுமாம். (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்; நூறு காசு ஒரு வெள்ளி.) வெள்ளிக்குப் பதினைந்து காசு லாபம் என்பதால் மாதம் மூவாயிரம் கூடுதல். முதலாளி அப்போதே பிரியாணி வரவழைக்கும் முகத்தில் இருந்தார்.

நான் மதியம் வரை நேரம் கேட்டேன். விற்பனையாளரிடம், "அண்ணே, நூறு வெள்ளியில எவ்வளவு வராமப் போகும்?" என்றேன். இப்போது ஒன்று, தொண்ணூறு நாளானால் நான்கு இருக்கலாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

சரக்குக்கு நாங்கள் உடனே பணம் கட்டுகிறோம். வங்கிக் கடனுக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி. ஆகவே பிறகு வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்தேன். பழைய முறையில் வரவேண்டிய தொண்ணூற்றொன்பதாயிரம், ஒரு மாத வட்டி போனால் சுமார் தொண்ணூற்றெட்டாயிரம். அடக்கவிலை எண்பத்தைந்தாயிரம் போக மிச்சம் பதிமூவாயிரம். புதிய முறையில் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு மூன்று மாதம் கழித்து வரும். அது இன்றைக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து எண்ணூறு. அடக்கவிலை ஒரு லட்சத்து இரண்டாயிரம். மிச்சம் பத்தாயிரம்கூட இல்லை.

"விக்கிறது கூடுது, கையில கொறையுதா?" என்று முதலாளி இரண்டு முறை கேட்டார். இப்போது ஒழுங்காகத் தருகிறவர்களும் தாமதிக்க ஆரம்பிப்பார்கள், வராத பணமும் கூடும், அதுதான் காரணம் என்றேன்.

விற்பனையாளரின் முகம் வாடியது. பாவமாக இருந்தது. அவருடைய புதிய ஆட்கள் யார் என்று கேட்டேன். எல்லாம் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை, ஜுரு தொழிற்சாலை கேன்டீன்கள். அவர்களுக்கு மட்டும் தொண்ணூறு நாள் என்று போட்டுப் பார்த்தேன். இருபதாயிரத்தில் ஐந்து சதவீதம் வராவிட்டாலும், இன்றைய மதிப்பில் பதினெட்டாயிரத்து நானூறு. அடக்கவிலை பதினேழாயிரம். ஆயிரத்து நானூறு மிஞ்சும். முதலாளி சம்மதித்தார். ஆனால் விற்பனையாளருக்குக் கமிஷன் விற்றவுடன் அல்ல, பணம் வந்த பிறகுதான் என்றார். அதன்பின் விற்பனையாளர் கேன்டீன்களுக்கு வாரந்தோறும் நலம் விசாரிக்கப் போனார்.

ஆறு மாதத்தில் ஒரு கேன்டீன் பூட்டிக்கொண்டு போனது. மற்றவை தந்தன. நஷ்டம் நான் போட்ட ஐந்து சதவீதத்துக்குள்தான் நின்றது.

ஆனால் இந்த ஊரில் ரகசியம் தேநீர் ஆறுவதற்குள் பரவிவிடும். ஒரு பழைய கடைக்காரர் போன் செய்தார்.

"பாலம் தாண்டினவனுக்குத்தான் தொண்ணூறு நாளா? நாங்க என்ன பாவம் பண்ணோம், தங்கச்சி?"

"உங்களுக்கும் தரேன் அண்ணே. விலை வெள்ளிக்கு ரெண்டு காசு கூட."

கூடுதல் இரண்டு மாத வட்டி அவ்வளவுதான். அவர் மனக்கணக்கில் எனக்குச் சளைத்தவர் இல்லை.

"முப்பது நாளே இருக்கட்டும்லா," என்றார்.