தூங்குமூஞ்சிக்கு மூன்று வரி

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கத்தரி. எந்த வாசகம் வந்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். விளம்பரம், கடைப் பலகை, படத்துக்கு அடியில் போடுகிற இரண்டு வரி, எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். எழுதி முடித்ததும் தையல் கடை வைத்திருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு, ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டுவாள். அக்கா மெஷினை நிறுத்தாமலே கேட்பாள். சிரித்தால் வாசகம் தேறிவிட்டது. "அப்படின்னா?" என்று கேட்டுவிட்டால் போச்சு, கிழித்துப் போட வேண்டியதுதான்.

அன்று அவள் மேசைக்கு வந்தது ஒரு நாயின் படம். காது ஒன்று மடங்கிய கிழட்டு நாய், பழைய போர்வைமேல் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த நாய்க் காப்பகத்தின் கட்டடத்தை மறுநாள் காலி செய்ய வேண்டும். குட்டிகளை எல்லாரும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், இது மட்டும்தான் பாக்கி. யாரும் கேட்காவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய கொட்டடிக்குத்தான் போக வேண்டும். "அங்க போனா இது சாப்பிடவே சாப்பிடாதுங்க, எனக்குத் தெரியும்" என்று காப்பகத்தம்மா போனில் சொன்னாள்.

படத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருந்தது. வேலை கேட்டு விண்ணப்பம் போடுகிற தோரணையில் நாயே பேசுவதுபோல் எழுதியது. படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் அதற்குச் செய்த தமிழாக்கம் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது: 'அனுபவம் வாய்ந்த உறங்குபவர் நிரந்தரப் பணியை நாடுகிறார். சொந்தப் போர்வையுடன் வருவார்.'

ஒரு ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை விடலையே நான்!" என்றார் அவர்.

"வார்த்தையை விடலை சார், சிரிப்பை விட்டுட்டீங்க" என்றாள் கத்தரி.

வாய்ச்சவடால் விட்டாளே தவிர, அவளுக்கும் ஒன்றும் ஓடவில்லை. 'வேலை தேடும் தூங்குமூஞ்சி' என்று எழுதினாள். முதல் வரியிலேயே குட்டு உடைந்துவிட்டது, அப்புறம் என்ன சிரிப்பு? அடித்தாள். 'முழுநேரமும் தூங்கத் தயார்.' சீ, மெத்தைக் கடை விளம்பரம். அதையும் அடித்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல், தேறாத வாசகத்தோடே அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா கேட்கிற நிலையில் இல்லை. வேலையில்லாமல் வீட்டோடு இருக்கும் அவள் மகனை யாரோ வாடிக்கைக்காரி ஏதோ சொல்லிவிட்டாளாம். மெஷின் தடதடக்கப் பொரிந்து தள்ளினாள்.

"என்ன தெரியும் அவளுக்கு? என் புள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டா? தூங்குறான், அவ்வளவுதானே!"

கத்தரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. இதுதான்! சோம்பேறித்தனத்தையே தகுதியாக நீட்டிக் காட்டுவதுதானே அந்த ஆங்கில வேடிக்கை? நம் வீடுகளில் அந்த வேலையை அம்மா அல்லவா செய்கிறாள்! "அக்கா, நீ தெய்வம்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். தூக்கத்தை முதல் வரியில் ஒளித்துவைத்து எழுதினாள்:

'பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதுங்க. தூங்குறதைத் தவிர வேற பழக்கமே கிடையாது. போர்வை கூட அவனே கொண்டுவந்துடுவான்.'

"விண்ணப்பம் எங்கம்மா? அனுபவம் எங்க?" என்று பக்கத்து மேசைக்காரர் குதித்தார்.

"போகட்டும் சார். பெருமை இருக்கு, தூக்கம் இருக்கு, போர்வை இருக்கு. வேற என்ன வேணும்?"

காப்பகத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். கடைசி வரி முடிவதற்குள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. "போடுங்க, உடனே போடுங்க!"

மதியத்துக்குள் படம் ஊரெல்லாம் சுற்றியது. ஆளாளுக்குச் சிரித்தார்கள், பகிர்ந்தார்கள். ஆனால் நாயைக் கேட்டு ஒரு போன் இல்லை. கத்தரி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரித்துவிட்டுப் போகவா இவ்வளவு பாடுபட்டது என்று அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் போன் அடித்தது. அக்கா.

"ஏண்டி! என் புள்ளையைச் சொன்னதை நாய்க்குப் போட்டியா? கடைக்கு வர்றவங்க எல்லாம் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாங்க!"

"அக்கா, அது வந்து..."

"பேசாதே! அவனும் பார்த்துட்டான். 'அம்மா, இது நம்ம இனம்மா'ன்னு எழுந்து போனான். பகல்ல அவன் எழுந்து வெளிய போய் எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"எங்க போனான்?"

"எங்கயா? கூட்டிட்டே வந்துட்டான்!"

கத்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன பண்றாங்க?" என்றாள்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். அன்று முதல் தடவையாக மெஷின் நின்றிருந்தது.

"மெதுவாப் பேசு. ரெண்டு பேரும் தூங்குறாங்க. போர்வை நாயோடதுதான்."