நான் நிறுத்தாமல் விட்ட ரோமிங்

நெளுக்குளத்தில் எனக்கு ஒரு சின்ன போன் கடை இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அன்ரி, கணவரின் இருதயச் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் புறப்பட்டபோது வெளிநாட்டில் பாவிக்கிற ரோமிங் டேட்டா போட என்னிடம்தான் வந்தார். ஏழு நாள் பாக்கேஜ். எத்தனை நாள் தங்குவார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நிற்கும்போது டேட்டா அறுந்துவிடக் கூடாதென்று, அது முடிய முடியத் தானாகவே புதுப்பிக்கும்படி நானே போட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் கொண்டு வாங்கோ, நிப்பாட்டவேணும் என்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் சனம் நின்றது. சொல்லவில்லை.

மூன்று கிழமையில் வந்துவிட்டார்கள். அதன்பிறகு ரீலோட் போட வரும்போதெல்லாம் அன்ரிக்கு ஒரே முறைப்பாடு.

"போடுற காசு நிக்குதில்லைத் தங்கச்சி. மருமகள்தான் மகனோட வீடியோவிலை கதைச்சுக் கதைச்சு முடிக்கிறாள்."

மகன் கத்தாரில். மருமகளின் போன் உடைந்திருந்ததால் மாமியின் போனில்தான் அவள் புருஷனோடு கதைப்பாள். நான் போனை வாங்கிக்கூடப் பார்க்காமல், "வீடியோ எண்டால் அப்பிடித்தான் அன்ரி" என்று சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து மருமகள் தனியே வந்தாள்.

"அக்கா, மாமி இப்ப கிழமைக்கு ஒருக்காத்தான் போன் தாறா. அதுவும் பத்து நிமிசம். அப்பவும் காசு போகுது. ஒருக்காப் பாருங்கோ."

குறுஞ்செய்திகளைத் திறந்தேன். எல்லாம் ஆங்கிலத்தில், ஒருவரும் வாசிக்காமல் வரிசையாகக் கிடந்தன. ரோமிங் பாக்கேஜ் புதுப்பிக்கப்பட்டது. காசு காணாவிட்டால் காத்திருந்து, அடுத்த ரீலோட் விழுந்ததும் எடுத்திருக்கிறது. இலங்கைக்குள் ஒரு பயனும் இல்லாத டேட்டா. உடனே நிறுத்தினேன். எடுத்த காசு திரும்பாது.

"கொம்பனி தானாப் புதுப்பிச்சிருக்கு" என்றேன்.

"ஆர் அப்பிடிப் போட்டது?"

நான் குறுஞ்செய்திகளை மூடிப் போனை அவளிடம் நீட்டினேன். அவள் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். "பிழை என்ரைதான் அன்ரி. நான்தான் போட்டுவிட்டு, நிப்பாட்டச் சொல்ல மறந்தனான். இவ ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

அன்ரி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் இவளை என்னெல்லாம் சொல்லிப்போட்டன்" என்று மட்டும் சொன்னார். பிறகு போனை எடுத்து மருமகளின் கையில் வைத்தார்.

அவள் அதை வாங்கினாள். ஆனால் என்னைத்தான் பார்த்தாள். "நேற்றே சொல்லியிருக்கலாமே அக்கா."

இப்போது வெளிநாடு போகிற எவருக்கும் பாக்கேஜ் போட்டால், திரும்பும் நாளைக் கேட்டுக் கொப்பியில் எழுதி, அன்று நானே போன் எடுத்து நிறுத்தச் சொல்கிறேன். அன்ரி இன்னமும் வருகிறார். தன் போனைத் திருத்திக்கொண்ட மருமகள் மட்டும் என் கடைக்கு வராமல், ஓமந்தைப் பக்கம் போகிறபோது அங்கேயுள்ள கடையில் ரீலோட் போடுகிறாளாம்.