இரண்டு, நான்கு, ஏழு

என் வீட்டுக்காரர் கதிரேசனுக்கு ஊரெல்லாம் எண்தான். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைக்குத் திருவான்மியூர் பஸ் வந்தால், "5.82 வருது, ஏறு" என்பார். தேவாரத்தில் ஐந்தாம் திருமுறையின் எண்பத்திரண்டாம் பதிகம் அந்த ஊருக்குப் பாடியது. அதே ஊருக்கு 2.4, 3.55 என்று இன்னும் இரண்டு உண்டு. எங்கள் மயிலாப்பூருக்கு ஒன்றே ஒன்று, 2.47. கல்யாணமான புதிதில் இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலானது.

கோயில் நோட்டீஸில் வெறுமனே 'பதிகம் 47' என்று போட்டிருந்தால் மனிதர் நின்றுவிடுவார். "எந்தத் திருமுறைன்னு சொல்லாம நாப்பத்தேழுன்னா எதைப் பாடறது? தேவாரத்துல ஏழு திருமுறையிலயும் ஒரு நாப்பத்தேழு இருக்கே." முதலில் திருமுறை, அடுத்து பதிகம், கடைசியில் பாட்டு, நடுவில் புள்ளி. தலவாரியாக, கோயில் ஊர் வரிசையில் அடுக்கிய புத்தகத்தின் எண்ணை யாராவது சொன்னால் தொலைந்தார்கள். பண் வாரியாக, ராகப்படி அடுக்கியதில்தான் எண் பார்க்க வேண்டும் என்று அரைமணி நேரம் பாடம் நடத்துவார்.

இன்னொரு பழக்கமும் அவர் வீட்டில் உண்டு. பெரிய முடிவு எடுக்கும்போது கண்ணை மூடித் திருமுறைக்குள் கயிறு சாத்துவார்கள். கயிறு விழுந்த பக்கத்தின் முதல் பாட்டுதான் விடை. எங்கள் கல்யாணமே அப்படி முடிவானதுதான். அதனால் அதை நான் குறை சொன்னதில்லை.

அவர் தங்கை மதுமதிக்கு இதய வால்வு பழுதாகியிருந்தது. தாமதிக்கக் கூடாது, நாளைக் காலையே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுமதிக்குக் கத்தி என்றாலே பயம். திருவான்மியூரிலிருந்து எனக்கு போன் செய்தாள்.

"அண்ணி, கயிறு போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அண்ணன் சரின்னா படுத்துக்கறேன். பன்னண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்."

அவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தார். புத்தகம் வீட்டில். "நீயே போடு வேம்பு, எண்ணை மட்டும் அனுப்பு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். கயிற்றை நுழைத்துப் பிரித்தேன். பக்கத்தின் மேலே இரண்டாம் திருமுறை, பதிகம் 4 என்று இருந்தது. முதலில் நின்றது ஏழாம் பாட்டு. போனில் 247 என்று தட்டி அனுப்பினேன். புள்ளி வைக்கத் தோன்றவில்லை.

பத்து நிமிஷத்தில் மதுமதிதான் கூப்பிட்டாள். குரல் செத்துப்போயிருந்தது. "அண்ணன் இப்ப வேணாம்னுட்டாரு அண்ணி. காரணம் சொல்லல." பிரித்த பக்கத்தில் வேண்டாமென்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தும் எண் தெரிந்தவர் அவர், நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயை இன்றும் மன்னிக்கவில்லை.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"2.47 வந்துடுச்சே வேம்பு. பாம்பு கடிச்சுச் செத்த பொண்ணோட எலும்பையும் சாம்பலையும் குடத்துல வெச்சுக்கிட்டுப் பாடினது அது. எப்படி அவளைப் படுக்கச் சொல்லுவேன்?"

நான் புத்தகத்தைக் காட்டினேன். கயிறு அப்படியே இருந்தது. அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். விரல் ஏழாம் பாட்டில் நின்றது. "247னு ஒரு பதிகம் எந்தத் திருமுறையிலயும் கிடையாது. இருக்கறதுல பெரிசு முதல் திருமுறை, அதுலயே நூத்து முப்பத்தாறுதான். பிரிச்சுத்தான் படிக்கணும்னு தெரியும். 2.4.7னு பிரிக்கத் தோணலையே. அவ ஊர்ப் பதிகம்மா இது. நோய் தீர்க்கற மருந்தீசர் பதிகம்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்தது இருபது நாள் கழித்து. அன்றிலிருந்து வீட்டில் போன் அடித்தாலே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். யார் எடுப்பது என்று ஒரு போட்டி. அவர் தினமும் திருவான்மியூருக்குப் போய்வந்தார். பஸ்ஸைப் பார்த்து எண் சொல்வது நின்றுபோனது. பன்னிரண்டாம் நாள் காலை ஆறரைக்குப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

மதுமதியின் பதினாறாம் நாள் காரியத்தில் அவள் மகள் நிலா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரியில் படிப்பவள். நடந்தது அவளுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். கோபமாகக் கேட்பாள் என்று பயந்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாமா, அந்த 2.47ல குடத்துல இருந்த பொண்ணு, பாட்டு முடிஞ்சதும் என்ன ஆனா?"

ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார்.

"எழுந்து வந்துட்டாம்மா" என்றார் இவர்.

நிலா எழுந்து பந்திக்கு இலை போடப் போனாள்.