ஜெர்மன் மொழியில் ஒரு ‘மதர் சீரியஸ்’

நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த என் தங்கை சாகக் கிடக்கிறாள் என்று எழுதியவன் நான். அதையும் ஜெர்மன் மொழியில், மிகுந்த மரியாதையோடு எழுதினேன்.

தங்கைக்குப் பொதட்டூர்பேட்டையில் வீடு. வீட்டுக்குள்ளேயே பவர்லூம். அவள் மகள் நர்ஸ் படித்து, ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். திடீரென்று ஒரு நல்ல வரன் வந்தது. பையன் வீட்டில் தை மாதமே கல்யாணம் என்றார்கள். அங்கேயோ வேலையை விட மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். “என்ன பண்றது மாமா?” என்று பெண் போனில் அழுதாள். நோயாளிகளிடம் பேச என்னைவிட அவளுக்கு ஜெர்மன் நன்றாக வரும். ஆனால் அலுவலகக் கடிதம் என்றால் என்னிடம்தான் வருவாள். ஜெர்மன் இயந்திரங்கள் ஓடிய தொழிற்சாலையில் முப்பது வருஷம் கடிதம் எழுதியவன் நான்.

எங்கள் காலத்தில் லீவு வேண்டுமென்றால் ‘மதர் சீரியஸ்’ என்று தந்தி வரும். வரவழைப்பதே நாம்தான். மேனேஜருக்கும் அது தெரியும். சிரிக்காமல் கையெழுத்துப் போடுவார். அது பொய் என்று யாருமே நினைத்ததில்லை. விண்ணப்பத்தில் நிரப்பும் ஒரு கட்டம் மாதிரி. அந்தப் பழக்கத்தை அப்படியே அங்கே அனுப்பி வைத்தேன். தாயாருக்கு இதயம் மிக மோசம், உடனே விடுவிக்க முடியுமானால் என்றென்றும் நன்றியுடையவளாக இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

“அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே மாமா.”

“எல்லாரும் எழுதறதுதான். படிக்கிறவங்களுக்கும் தெரியும். அனுப்பு.”

படித்தவர்களுக்குத் தெரியவில்லை. அப்படியே நம்பினார்கள். அவளுடைய மேலாளர் அம்மையார் இரண்டே நாளில் ஒப்பந்தத்தை இரு தரப்புச் சம்மதத்தோடு முடித்துக் கொடுத்து, அவளுடைய சில ஷிஃப்டுகளைத் தானே நின்று பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் தபாலில் ஒரு அட்டை வந்தது. வார்டில் இருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டு, உன் அம்மாவுக்கும் உனக்கும் தெம்பு கிடைக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். “வாழ்த்து அனுப்பியிருக்காங்க” என்றேன். அவள் அதை டிவி மேல் சாய்த்து வைத்தாள். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் டிவி பக்கம் திரும்பாமல் உட்காரப் பழகிக்கொண்டேன்.

வரன் நிச்சயம் வரைக்கும்கூட வரவில்லை. பெண் திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, வாய் திறக்காமல் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு நாள் காலையில் தாயும் மகளும் பஸ் ஏறி திருத்தணியில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜெர்மனியில் வேறொரு ஊர் ஆஸ்பத்திரி வீடியோவில் பேசி, அவளைப் பிடித்துப்போய்விட்டதாம். கேட்பது ஒன்றுதான்: முன்பு வேலை பார்த்த இடத்து மேலாளரின் பரிந்துரைக் கடிதம். அவளிடம் இருந்த சான்றில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, வேலையின் பெயர் மட்டும்தான். அவசரத்தில் கிளம்பியவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எப்படி வேலை செய்தாள் என்று விரிவான சான்று கேட்க அங்கே சட்டத்தில் உரிமை உண்டு. பரிந்துரைக் கடிதம் அப்படியல்ல. மனமிருந்தால்தான் தருவார்கள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். பொருள்: பரிந்துரைக் கடிதம் வேண்டி. ‘மிகவும் மதிப்பிற்குரிய’ என்று தொடக்கம். எங்கும் ‘நீங்கள்’தான். ‘தாருங்கள்’ என்று எழுதவில்லை. ‘தர முடிந்தால் மிகவும் மகிழ்வேன்’ என்று எழுதினேன். எந்த வார்டு, என்னென்ன பொறுப்பு, எந்தத் தேதிக்குள் வந்தால் உதவியாக இருக்கும், இணைப்பில் தன்விவரம். கடைசியில் நட்பான வணக்கங்களுடன்.

“கலெக்டருக்கு மனு போடற மாதிரி இருக்குது மாமா” என்று சிரித்தவள், திரும்பப் படித்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “அவங்க முதல்ல, அம்மா எப்படி இருக்காங்கன்னுதான் கேப்பாங்க. இன்னா சொல்றது?”

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். “யாரு என்னைக் கேக்கறது? எனக்கு இன்னா?”

சொன்னேன். அட்டையில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். “எந்த வியாதில சாவடிச்சண்ணா?”

“இதயம்.”

“நாள் பூரா தறி சத்தத்துல நின்னுகினு கீறவளுக்கு இதயமா? காதுன்னு எழுதியிருந்தாலும் நாயம் இருந்திருக்கும்.” பெண் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. தங்கையும் சிரிக்கவில்லை. “அந்தம்மா எனக்காக வேண்டிகினுது. நான் அத டிவி மேல வெச்சி தூசி தட்டிகினு இருந்தேன். இன்னும் எத்தினி நாளைக்கு எனக்கு நோவு? உள்ளத எழுது.”

“எழுதினால் கடிதம் வராமலே போகலாம்” என்றேன்.

“வராட்டி போவுது மாமா” என்றாள் பெண். இந்த வேலைக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

திருப்பி எழுதினேன். முதலில் உண்மை, அப்புறம் வேண்டுகோள். நீங்கள் மறுத்தாலும் அது நியாயம் என்று புரிந்துகொள்வேன் என்று ஒரு வரி. ‘அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் என் மாமா’ என்றும் போட்டிருந்தேன். பெண் அந்த வரியை அழித்தாள். “அனுப்பினது நான்தானே?”

தங்கை செல்போனை நீட்டினாள். தறி முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கும் போட்டோ. “இதயும் சேத்து அனுப்பு.”

“அலுவலகக் கடிதத்துல போட்டோவா?”

“நீ எழுதினது மட்டும் அலுவலகக் கடிதமா?”

அனுப்பினோம். அடுத்த நொடியே பதில் வந்த சத்தம். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். விடுப்பில் இருக்கிறேன், அடுத்த வாரம் திரும்புவேன் என்று இயந்திரம் தானாக அனுப்பிய பதில். “இதுக்கா இப்படி துள்ளினோம்?” என்றாள் தங்கை.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு, என் முகவரியிலிருந்து அந்த அம்மையாருக்கு நான் தனியாக ஒரு மெயில் எழுதினேன். பெண் அழித்த வரிதான் அதில் விஷயம். எங்கள் ஊர் வழக்கத்தை அதில் விளக்கவில்லை. விளக்கினால் சாக்காகிவிடும். பொய் என்னுடையது, மன்னியுங்கள் என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த வாரம் திங்கள்கிழமை மத்தியானம் பெண்ணின் போன். ரயில் மணவூரைத் தாண்டுகிறதாம், சத்தத்தில் பாதிதான் கேட்டது. “மாமா! குடுத்துட்டாங்க! கடிதம் வந்துடுச்சி!”

என் வீட்டுக்கு வந்ததும் படித்துக் காட்டினாள். அம்மையார் போட்டோவைப் பற்றித்தான் தொடங்கியிருந்தார். இவ்வளவு திடமான பெண்மணியைப் பார்ப்பதில் சந்தோஷம். ஆனால் எனக்குக் கோபமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கெட்ட செய்தியாக இருக்குமோ என்று பயந்துதான் இத்தனை நாள் உன்னிடம் விசாரிக்கவில்லை. கடிதத்தில் உன் வேலையைப் பற்றி நான் பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். ஏன் போனாள் என்று புதிய இடத்தில் போன் செய்து கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

இணைப்பில் ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்ட தாளில், கையெழுத்தோடு கடிதம். பெண் அதை அனுப்புவதற்கு முன்னால், தான் ஏன் போனாள் என்பதைப் புதிய ஆஸ்பத்திரிக்கு அவளே எழுதினாள். இந்த முறை என்னிடம் காட்டவில்லை. புது வேலைக்கு ஒப்பந்தம் வந்த பிறகுதான் சொன்னாள்.

அட்டை இன்னும் டிவி மேலேயே இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளிடம் வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள் தங்கை. யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, “எங்க அண்ணன் என்னை சாவடிச்சப்ப வந்தது” என்கிறாள். நான் இப்போது அதைப் பார்த்தபடிதான் உட்காருகிறேன்.

என் மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். மறுபடி எழுதி ஞாபகப்படுத்துவது மரியாதையாக இருக்காது.